சனிக்கிழமை அப்பா வீட்டில் இருப்பார்

என் மாணவர்கள் எனக்கு மின்னஞ்சல் அனுப்புவதில்லை. வாட்சப்பில் "அம்மா நாளைக்கு தரவா" என்று ஒரு வரி வரும். அதற்குக் கீழே கைகூப்பும் பொம்மை ஒன்று, அழும் பொம்மை ஒன்று. சிலர் குரல் பதிவு அனுப்புவார்கள். அதில் பஸ் ஹாரனும் பக்கத்துப் பையனின் சிரிப்பும் சேர்ந்து கேட்கும். ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் இருபத்திரண்டு வருஷமாகத் தமிழ் இலக்கியம் நடத்துகிறேன். இத்தனை வருஷத்தில் எத்தனை சாக்குகள் கேட்டிருப்பேன்! மூன்று செமஸ்டருக்குள் நான்கு தாய்மாமன்களை அடக்கம் செய்த ஒருவன் இருந்தான். அவன் அம்மாவுக்கு உடன்பிறந்த ஆணே இல்லை என்பது பெற்றோர் கூட்டத்தில்தான் தெரிந்தது.

அதனால் அந்தப் புதன்கிழமை இரவு, குழம்பைச் சூடு பண்ணிக்கொண்டே போனைப் பார்த்தபோது, மின்னஞ்சல் ஒன்று வந்து கிடந்ததே எனக்குச் சந்தேகமாக இருந்தது. திறந்து படித்தேன். சந்தேகம் இன்னும் கூடியது.

முழுவதையும் அப்படியே தருகிறேன். இன்றைக்கும் அது என்னிடம் இருக்கிறது.

"மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம். நான் மூன்றாம் ஆண்டு தமிழ் இலக்கிய மாணவி. களப்பணி அறிக்கையை வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் ஒப்படைக்க வேண்டும் என்று இன்று மதியம் தாங்கள் குழுவில் அறிவித்ததைப் பார்த்தேன். அதைத் திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு ஒப்படைக்க அனுமதி தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் தகவலாளர் என் அப்பா. எங்களுடையது நாட்டுப்படகு. வியாழன் அதிகாலை வலை விடப் போவார். வெள்ளி அதிகாலை அதை எடுக்கப் போய் மதியம்தான் கரைக்கு வருவார். சனிக்கிழமை அப்பா வீட்டில் இருப்பார். முதல் இருபது பக்கங்களை அவருக்கு வாசித்துக் காட்டிக் கையொப்பம் வாங்கிவிட்டேன். மீதி இருபத்திரண்டு பக்கங்களை ஒலிப்பதிவிலிருந்து எழுதி முடிக்க வியாழன் இரவாகிவிடும். சனிக்கிழமை அவற்றை வாசித்துக் காட்டி, ஞாயிற்றுக்கிழமை திருத்தி, திங்கள் காலை கொண்டுவருவேன். வாய்மொழித் தேர்வு செவ்வாய்க்கிழமை என்பதால் தாங்கள் வாசிக்க ஒரு முழு நாள் இருக்கும் என்று நினைக்கிறேன். அனுமதி இல்லையென்றாலும் தெரிவியுங்கள் அம்மா, அதற்கேற்ப ஏற்பாடு செய்துகொள்வேன்."

கீழே பெயர், பதிவெண், ஊர் ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம்.

அடேயப்பா! எங்கே ஒற்று மிகும், எங்கே மிகாது என்று நானே நாலு தடவை யோசிக்கும் காலத்தில், ஒரு பிழையில்லாமல் ஒரு கடிதம். மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கேட்டால் மட்டும் பதில் சொல்லும் பெண் அவள். வாயைத் திறந்தால் "இங்கனதாம்மா", "தெரியலம்மா" என்பதற்குமேல் வராது. அவளா இதை எழுதினாள்?

இந்தக் களப்பணி அறிக்கை பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கடைசி செமஸ்டரில் ஒவ்வொருவரும் தன் ஊரில் ஒரு தொழிலைச் செய்பவரிடம் பேசி, அந்தத் தொழிலின் சொற்களைத் தொகுத்து எழுத வேண்டும். யாரிடம் பேசினார்களோ அவர்தான் தகவலாளர். எழுதியதை முழுக்க அவருக்கு வாசித்துக் காட்டி, "நான் சொன்னது இதுதான்" என்று ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் தேதி, நேரம், இடம் போட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து பொய் என்றால் அறிக்கை செல்லாது. இது பல்கலைக்கழக விதி அல்ல, என் விதி. ஒரு வருஷம் ஒருத்தன் கொல்லர் பட்டறைப் பக்கமே போகாமல் கொல்லர் சொற்களை இணையத்திலிருந்து அள்ளிக்கொண்டு வந்து, தானே கொல்லராகக் கையெழுத்தும் போட்டிருந்தான். அன்றைக்குப் பிடித்தது எனக்கு இந்தக் கையெழுத்துப் பித்து.

அறிக்கை கொடுக்கவில்லையென்றால் அந்தத் தாளில் 'வரவில்லை' என்று விழும். அரியர். அடுத்த வாய்ப்பு அடுத்த வருஷம்தான். அந்தப் பெண் பி.எட். படிக்க வேண்டும் என்று முதலாம் ஆண்டிலேயே மாணவர் படிவத்தில் எழுதியிருந்தாள். அரியரோடு பி.எட். விண்ணப்பம் போட முடியாது. ஒரு வருஷம் வீட்டில் உட்கார வேண்டியதுதான். வீட்டில் உட்கார்ந்த பெண்ணுக்கு அப்புறம் படிப்பா நடக்கும், கல்யாணம்தான் நடக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாமலில்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முதலில் நான் கொடுத்த நாள் திங்கள்கிழமைதான். ஞாயிற்றுக்கிழமை கமுதியில் என் அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம். திங்கள்கிழமை களைத்துப்போய் வந்து கட்டுக்கட்டாக அறிக்கை படிக்க என்னால் ஆகாது என்று, புதன் மதியம் வெள்ளிக்கு மாற்றினேன். குழுவில் காரணம் எதுவும் எழுதவில்லை. "நிர்வாகக் காரணங்களால்" என்று போட்டேன்.

அப்படி இருக்க, திங்கள் காலை வாங்கினால் வாசிக்க எனக்கு ஒரு முழு நாள் இருக்கும் என்று அவள் எனக்கே பாடம் நடத்துகிறாள். அந்த வரியில்தான் எனக்குச் சுருக்கென்றது. அதற்குமேல் அந்தக் கடிதத்தை நான் பொய் எங்கே என்று தேடித்தான் படித்தேன்.

கிடைத்தது!

நான் கமுதிப் பக்கத்து மிளகாய்க்காட்டுக்காரி. கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வாசலில் மீன் கொண்டுவரும் அக்கா சொல்லித் தெரிந்ததுதான். அவள் சொல்லுவாள், "திங்க, புதன், சனி போட்டு போகும் டீச்சரம்மா. மறுநா காலைல கரைக்கு வரும். செவ்வா, வியாழன், ஞாயிறு என்னையப் பாருங்க, நல்ல மீனாத் தாரேன்." பத்து வருஷமாக அப்படித்தான் வாங்குகிறேன். ராமேஸ்வரம் தீவில் படகுகள் கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. ஊருக்கே தெரிந்த விஷயம்.

இவளோ வியாழனும் வெள்ளியும் அப்பா கடலில் இருப்பார், சனிக்கிழமை வீட்டில் இருப்பார் என்று எழுதியிருக்கிறாள். அப்படியே தலைகீழ்! படகு போகும் நாளில் வீட்டில் இருப்பாராம், படகு போகாத நாளில் கடலில் இருப்பாராம். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், இந்தப் புளுகு எட்டு நிமிஷம் தாங்கவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் வெட்கமாக இருக்கிறது. குழம்பு அடிப்பிடித்தது கூடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் வியாழன். துறை அறையில் அதை உரக்கப் படித்துக் காட்டினேன். எனக்கு அடுத்த மேசையில் இருக்கும் இளம் ஆசிரியை, கேட்டுவிட்டுத் தன் போனை எடுத்தாள்.

"அக்கா, இருங்க. ஒரு வித்தை காட்டுறேன்" என்று அதில் என்னவோ தட்டினாள். "ஆசிரியருக்கு நாள் நீட்டிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதித் தான்னு கேட்டிருக்கேன். பாருங்க."

இரண்டு நொடியில் போன் எழுதித் தந்தது. மதிப்பிற்குரிய, பணிவுடன், கேட்டுக்கொள்கிறேன், எல்லாம் இருந்தன.

"பாத்தீங்களா? இப்பப் புள்ளைக பொய்யக்கூடச் சொந்தமாச் சொல்றதில்ல, அக்கா. மெசினு சொல்லுது."

இருவரும் சிரித்தோம். சிரிப்பு ஓய்ந்ததும் அவள் மறுபடி போனைப் பார்த்தாள். "ஆனா அக்கா, இதுல இருபது பக்கம், இருபத்திரண்டு பக்கம்னெல்லாம் இல்ல. அந்தப் புள்ள ரொம்ப விவரமா எழுதியிருக்கு."

"விவரமா எழுதினாத்தானே நம்புவோம்? அதுதான் அதோட சூட்சுமமே" என்றேன்.

அவளுக்கு என்ன தோன்றியதோ, "ஒரு போன் போட்டு வேணும்னா கேட்டுப் பாருங்களேன்" என்றாள். போன் போட்டால் அழுவாள், அழுதால் நான் இளகுவேன், ஒருத்திக்கு இளகினால் நாளைக்கு வகுப்பே வந்து வரிசையில் நிற்கும் என்றேன். பதில் எழுதினேன். ஒவ்வொரு சொல்லையும் ருசித்து எழுதினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"படகு கடலுக்குப் போகும் நாள் சனிக்கிழமை என்பது எனக்கும் தெரியும். அப்பா எந்தக் கடலுக்குப் போகிறார் என்று விசாரித்துக்கொள். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி. அதற்குமேல் வந்தால் வாங்கமாட்டேன்."

கால் மணி நேரத்தில் பதில் வந்தது. ஒரே சொல்.

"சரிங்கம்மா."

பார்த்தாயா, மாட்டிக்கொண்டதும் மதிப்பிற்குரியவும் இல்லை, பணிவுடனும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குள் எல்லா அறிக்கையும் என் மேசையில் வந்து அடுக்கியாயிற்று, அவளுடையதைத் தவிர. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இளம் ஆசிரியை அன்று மதியமே கிளம்பிப் போயிருந்தாள். நான்கு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கையில் கதவருகே நிழல் தட்டியது.

"உள்ள வரலாமாம்மா?"

அவள் வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு மனிதர். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி. சட்டை பெட்டியிலிருந்து அன்றுதான் எடுத்தது போலிருந்தது. கழுத்தும் முகமும் வெயிலில் கறுத்து, கண்ணோரம் மட்டும் சுருக்கத்துக்குள் வெளுத்திருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை.

"எங்க அப்பாம்மா" என்றாள். அறிக்கையை மேசையில் வைத்தாள். பைண்டிங் செய்த பசை இன்னும் ஈரமாக இருந்தது.

நான் புரட்டினேன். உள்ளே எழுதியிருந்ததைப் படிக்கவா புரட்டினேன்? கையெழுத்தைத் தேடினேன். இருபதாம் பக்கத்தில் ஒன்று இருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒன்று. வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி, வீடு. இரண்டு கையெழுத்தும் ஒன்றுபோலவே, எழுத்துக்கூட்டி எழுதும் கையின் கையெழுத்து.

அவர் முன்னால் வந்து பிளாஸ்டிக் உறையை மேசைமேல் வைத்தார். உள்ளே மீனவர் அடையாள அட்டை, படகுக்கான பதிவுச் சான்று, இன்னும் ஏதோ இரண்டு தாள்.

"வணக்கம் டீச்சரம்மா. நீங்க சனிக்கெழமைன்னு எழுதியிருந்தீகளாம், புள்ள படிச்சுக் காமிச்சுச்சு. சனிக்கெழமை போறது விசைப்படகும்மா. இஞ்சின் வச்ச பெரிய போட்டு. அவுகளுக்குத் திங்க, புதன், சனி. நம்மளது நாட்டுப்படகு. நமக்கு மத்த நாளு. அவுக வார நாள்ல நாம வலை விட்டா, அவுக இழுவையில வலை அத்துப் போகும். அதுக்காகத்தான் நாளு பிரிச்சு விட்டுருக்காக." உறையைக் காட்டினார். "இதுல நாட்டுப்படகுன்னு போட்டிருக்கு, பாத்துக்கோங்க. புள்ள பொய் சொல்லலம்மா."

எனக்குத் தப்பு என்று தெரிந்துபோயிற்று. அந்த இடத்திலேயே "மன்னிச்சுக்கோங்கய்யா" என்று சொல்லியிருந்தால் அது அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் என் வாய் இருக்கிறதே! விழுந்தவன் மீசையில் மண் ஒட்டவில்லை என்று காட்டத்தானே பார்ப்பான்?

"இத முதல்லயே தெளிவா எழுதியிருக்கலாம்ல? எனக்கு எப்படித் தெரியும்?" என்று அவளைப் பார்த்துச் சொன்னேன்.

அவள் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

அதோடும் நான் விடவில்லை. சந்தேகப்படுகிறவளுக்குக் கடைசியாக ஒரு நூல் கிடைத்தாலும் அதைப் பிடித்து இழுக்கத்தான் தோன்றும். "சரி, வெள்ளிக்கிழமை உங்களுக்குக் கடலுக்குப் போற நாள்னா, இன்னைக்குக் காலைல பத்து மணிக்கு வீட்டுல எப்படி இருந்தீங்க?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கப் பார்த்தார். "போகலம்மா."

"நீங்க நாலு மணின்னு சொல்லிட்டீங்கள்லம்மா" என்றாள் அவள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "போய்ட்டு மதியம் வந்தா, எப்ப வாசிச்சு, எப்ப பஸ் புடிச்சு வாரது? அதான் அப்பா போகல. நேத்து விட்ட வலை அப்படியே கடல்ல கெடக்கும்மா."

நாளைக்குச் சனிக்கிழமை. விசைப்படகுகள் வரும் நாள். அவர் இப்போதுதான் எனக்கு அதைச் சொல்லி முடித்திருந்தார்.

"வேற ஆளு போய் எடுக்க முடியாதா?"

"சித்தப்பாவும் அப்பாவும்தான் ஒரு படகு. ரெண்டு பேரு இல்லாம நண்டு வலைய இழுக்க ஏலாதும்மா. வெள்ளிக்கெழமைன்னா எல்லாரும் அவுகவுக வலைக்குப் போயிருவாக. யாரக் கூப்புடுறது?"

"ஏ, விடு" என்றார் அவர் மகளிடம். என்னிடம் திரும்பி, "இப்பப் போய்ப் பாப்போம்மா. இருட்டுல கொடி கண்ணுக்குத் தட்டுப்பட்டா எடுத்துரலாம். நீங்க இத வாங்கிக்கோங்க, அது போதும்" என்றார்.

வலை இருக்கும் இடத்தைக் காட்ட மிதவையில் சின்னக் கொடி கட்டியிருப்பார்கள் என்பது அவள் அறிக்கையில் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. நான் அதைப் பிறகுதான் படித்தேன்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "சரி, வாங்கிக்கிட்டேன்" என்றேன். பதிவேட்டில் அவளிடம் ஒரு கையெழுத்து வாங்கினேன். அவ்வளவுதான். அவர் அட்டைகளைப் பொறுக்கி உறைக்குள் போட்டுக்கொண்டு, "போய்ட்டு வாரோம் டீச்சரம்மா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். பஸ் ஏறிப் பாம்பன் பாலம் தாண்டித் தங்கச்சிமடம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், வாசல் மரத்தடியில் அவர் செருப்பைக் கழற்றி மண்ணை உதறிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தத்தில் பந்தியில் உட்கார்ந்தேன். எல்லாரும் என்னவோ பேசினார்கள். எனக்கு அந்த வலை நினைப்பாகவே இருந்தது. திங்கள்கிழமை துறை அறையில் இளம் ஆசிரியை, "என்னக்கா, அந்தச் சனிக்கிழமைப் புள்ள கொண்டாந்துச்சா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். "ம், கொண்டாந்துட்டா" என்றேன். அதற்குமேல் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வியாழக்கிழமை அத்தனை சத்தமாகப் படித்துக் காட்டியவள், உண்மை தெரிந்ததும் முணுமுணுக்கக்கூட இல்லை.

செவ்வாய்க்கிழமை துறை அறையிலேயே வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் தொண்டிப் பக்கத்துக்காரர், பெரியவர். அவர் குடும்பம் தலைமுறையாகக் கடல் வணிகம் செய்தது என்று அறிமுகத்தில் சொன்னார். அறிக்கைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிச் சும்மா இரண்டு கேள்வி கேட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். அவளுடையதை எடுத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். சொற்களை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். "மாஷா அல்லாஹ், இதெல்லாம் நான் சின்னப் புள்ளையில கேட்ட சொல்லு" என்றார். அவள் முகம் மலர்ந்தது. எனக்கும் நெஞ்சில் கொஞ்சம் பாரம் இறங்கியது.

பிறகு கடைசிப் பக்கம் வந்தார். கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"தகவலாளர் உங்க வாப்பாவா?"

"ஆமா சார், எங்க அப்பா."

"நாட்டுப்படகுதானே?"

"ஆமா சார்."

"வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுல இருந்து கையெழுத்துப் போட்டிருக்காரு." விரலால் அந்த இடத்தைத் தட்டினார். "எங்க ஊருலயும் இதே கடல்தான் தாயி. நாட்டுப்படகுக்காரன் வியாழன் வலை விட்டா, வெள்ளி காலைல உசிரே போனாலும் எடுக்கப் போயிருவான். சனிக்கிழமை வந்தா வலை மிஞ்சாதே. பத்து மணிக்கு வீட்டுல உக்காந்து இருபத்திரண்டு பக்கம் கேட்டாராக்கும்?" என் பக்கம் திரும்பினார். "கையெழுத்துப் பொய்யின்னா அறிக்கை செல்லாதுன்னு உங்க விதியிலயே போட்டிருக்கீங்க, மேடம். நல்ல விதி. எழுதினது எல்லாம் அருமையா இருக்கு, ஆனா கடைசிக் கையெழுத்தப் புள்ளையே போட்ட மாதிரியில்ல இருக்கு?"

அறையில் இன்னும் இரண்டு ஆசிரியர்கள் இருந்தார்கள். அதில் ஒருத்தி என் இளம் ஆசிரியை.

அந்தப் பெண் என்ன காரணம் சொல்லுவாள்? அதைச் சொன்னால் என்னைச் சொல்லவேண்டும். மதிப்பெண் போடுகிறவளை எதிரில் வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளை அதைச் சொல்லும்? அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கண் இரண்டும் கலங்கி, மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வருஷப் படிப்பு அந்த விளிம்பில் நின்றது.

பொய் சொல்ல மாட்டேன், அந்த நொடியிலும் "நான் பிறகு விசாரிக்கிறேன்" என்று நழுவிவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. கேடுகெட்ட யோசனை!

"கையெழுத்து அவருடையதுதான் சார்" என்றேன். "அவர் வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகலை. நான்தான் போகவிடாமப் பண்ணினேன். இந்தப் பொண்ணு திங்கள்கிழமை வரைக்கும் நாள் கேட்டா. வெள்ளி அப்பா கடல்ல இருப்பாரு, சனிக்கிழமை வீட்டுல இருப்பாருன்னு ஒழுங்கா எழுதிக் கேட்டா. நான் படிச்சுட்டுப் பொய்யின்னு சொன்னேன். இந்த அறையில வச்சுப் படிச்சுக் காட்டிச் சிரிச்சேன். நாளை முன்னாடி இழுத்ததும் என் வீட்டு விசேஷத்துக்காகத்தான். அவர் வலையக் கடல்ல விட்டுட்டு, அடையாள அட்டைய எடுத்துக்கிட்டு, தன் மக பொய் சொல்லலன்னு சொல்ல எங்கிட்ட வந்து நின்னாரு."

இளம் ஆசிரியை குனிந்து தன் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

தேர்வாளர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அவளைப் பார்த்து, மெதுவாகத்தான் கேட்டார். "வலை கெடச்சுச்சா தாயி?"

"வெள்ளிக்கெழம ராத்திரி போனாக சார். கொடி தெரியல. ஞாயித்துக்கெழம போனப்ப ரெண்டு துண்டு கெடச்சுச்சு. மத்ததெல்லாம் இழுத்துட்டுப் போயிட்டாக" என்றாள்.

அவர் பேனாவை எடுத்து மதிப்பெண் தாளில் எழுதினார். அந்த வகுப்பிலேயே அதுதான் அதிகம். என் பங்கு மதிப்பெண்ணை நானும் எழுதினேன். அவளுக்கு அரியர் இல்லை. இந்த வருஷம் பி.எட். சேர்ந்துவிட்டாள்.

அன்று வராந்தாவில் அவளைப் பிடித்து நிறுத்தினேன். "என்னைய மன்னிச்சிரும்மா" என்றேன். "அப்பாட்டயும் நான் வந்து சொல்றேன்."

"அப்பா அன்னைக்கே சொல்லிட்டாகம்மா, டீச்சரம்மா உள்நாட்டுக்காரவுக, அவுகளுக்குக் கடல் தெரியாது, கோவிச்சுக்காதேன்னு." பையின் வாரைத் திருகிக்கொண்டே நின்றாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. "ஆனா நான் எழுதியிருந்தேனேம்மா."

"என்னது?"

"நாட்டுப்படகுன்னு. தெளிவா எழுதியிருக்கலாம்லன்னு கேட்டீங்க. நான் எழுதியிருந்தேம்மா."

அவள் போனபிறகு, வராந்தாத் தூணில் சாய்ந்து போனை எடுத்து அந்த மின்னஞ்சலைத் திறந்தேன். தேடவே வேண்டியதில்லை. "என் தகவலாளர் என் அப்பா" என்பதற்கு அடுத்த வரி. இரண்டே சொல். நான் அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணிப் பார்த்தேன். அடுப்படியில் ஒன்று, படுக்கையில் ஒன்று, துறை அறையில் உரக்க ஒன்று, பதில் எழுதும்போது ஒன்று. நாலு தடவை. உரக்கப் படித்தபோது என் வாயாலேயே அந்த இரண்டு சொல்லையும் சொல்லியிருக்கிறேன்.

ஒரு வரியைக்கூட விடாமல் எப்படிப் படிப்பது என்றுதான் இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.